வராத சிக்கன் 65-ஐப் படம் எடுப்பது எப்படி?

உணவு விநியோகச் செயலியில் புகார் செய்யும்போது, தவறாக வந்த பொருளுக்குப் படம் எடுப்பது எளிது. டப்பாவைத் திறந்து கைப்பேசியை நீட்டினால் போதும். வராமலே போன பொருளுக்கு எதைப் படம் எடுப்பது? பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். பொருள் இல்லை என்று எழுதி, காலியான மேசையையோ பையின் வாயையோ படம் எடுத்து அனுப்புகிறார்கள். மறுமுனையில் இருப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

கீழே வரும் நிகழ்வு சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியையுடையது. நுகர்வோர் புகார்களை எழுத அக்கம்பக்கத்தினருக்கு நான் உதவி வருவதால், அவர் தன் ஆர்டர் விவரங்களையும் உரையாடல் பதிவுகளையும் முழுமையாகக் கொடுத்தார். செயலியின் பெயரும் உணவகத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. ஒரே ஆர்டரில் ஒரு பொருள் மாறி வந்தது, இன்னொன்று வரவே இல்லை. இரண்டு புகாரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், எதற்கு எந்தச் சான்று வேண்டும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு சனிக்கிழமை இரவு அவர் கேட்டவை: மட்டன் பிரியாணி இரண்டு, சிக்கன் 65 ஒன்று, பன்னீர் பட்டர் மசாலா ஒன்று, பரோட்டா நான்கு. மட்டன் பிரியாணி ஒன்று 320 ரூபாய், சிக்கன் 65 விலை 210, பன்னீர் 230, பரோட்டா நான்கும் சேர்த்து 120. மொத்தம் 1,200 ரூபாய். கூப்பன் போட்டதில் 150 ரூபாய் குறைந்தது. பார்சல் கட்டணம் 40, உணவின்மீதும் பார்சல் கட்டணத்தின்மீதும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி 54.50, விநியோகக் கட்டணமும் செயலியின் சேவைக் கட்டணமும் வரியோடு சேர்த்து 57. யுபிஐ மூலம் அவர் கட்டிய தொகை 1,201 ரூபாய் 50 காசு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பை ஒன்பது மணிக்குச் சற்று முன் வந்தது. வாய்ப்பகுதியில் ஒட்டியிருந்த முத்திரை ஸ்டிக்கர் கிழியவில்லை. பையின் மேல் பில் பின் செய்யப்பட்டிருந்தது. திறந்து பார்த்தபோது பிரியாணி டப்பா இரண்டில் ஒன்றில் இருந்தது சிக்கன் பிரியாணி. சிக்கன் 65 இல்லவே இல்லை.

செயலியின் உதவிப் பகுதிக்குப் போனதும் அது முதலில் கேட்பது, என்ன வகைப் பிரச்சினை என்பதைத்தான். பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது, தரம் சரியில்லை, சிந்திவிட்டது, விநியோக ஊழியரைப் பற்றிய புகார் என்று வரிசையாக இருக்கும். கோபத்தில் முதலில் கண்ணில் படுவதை அழுத்திவிடுகிறோம். ஆனால் அதற்குப் பிறகு எல்லாமே அந்த ஒரு தேர்வின் வழியேதான் போகும். எந்தச் சான்று கேட்கப்படும், எவ்வளவு தொகை வரை தானாகக் கொடுக்கப்படும், யாருடைய கணக்கில் அது கழிக்கப்படும் என்பதெல்லாம் அந்த வகையைப் பொறுத்தது. ஆசிரியை தேர்ந்தெடுத்தது "தரம் சரியில்லை". மட்டன் கேட்டால் சிக்கன் வருவது தரக்குறைவுதானே என்பது அவர் எண்ணம். இணைத்த படம், திறந்த பிரியாணி டப்பாவின் அருகாமைப் படம் ஒன்று. மசாலாச் சோறும் ஓர் அவித்த முட்டையும் தெரிந்தன. இறைச்சித் துண்டு சோற்றுக்குள் புதைந்து கிடந்தது.

சில நிமிடங்களில் பதில் வந்தது. படத்தை வைத்துப் பிரச்சினையை உறுதிசெய்ய முடியவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம், உரையாடல் முடிக்கப்படுகிறது. சிக்கன் 65 பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. "தரம்" என்ற வகையில் வராத பொருளுக்கு இடமே கிடையாது.

இதைப் படித்து அந்த நிறுவனத்தைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் படத்தை ஓர் அந்நியராக நின்று பார்த்தேன். அது எந்த உணவகத்துப் பிரியாணி, எந்த நாள் பிரியாணி, மட்டனா சிக்கனா என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

அந்தப் படத்தை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள் விதி. தொகை சிறியதா, இந்த வாடிக்கையாளர் அடிக்கடி புகார் செய்பவரா, இந்த உணவகத்தின்மீது ஏற்கெனவே இப்படிப் புகார்கள் உண்டா என்று அது பார்க்கும். அதைத் தாண்டினால் ஒரு வாடிக்கையாளர் சேவை ஊழியர். ஒரே நேரத்தில் பல உரையாடல்களைக் கையாள்பவர் அவர், ஒரு படத்துக்குச் சில விநாடிகளுக்குமேல் ஒதுக்க அவரால் முடியாது. மூன்றாவது நபரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். திரும்பத் தரப்படும் பணம் பல நேரங்களில் உணவகத்துக்குச் சேரவேண்டிய தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது. அதனால் உணவகத்தின் திரையிலும் அந்தப் புகாரும் படமும் தோன்றும். அங்கே இருக்கும் மேலாளர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். அவர் மறுக்க முடியாதபடி எது இருக்கும்? அவருடைய கடையின் சொந்த அடையாளங்கள்தான்.

அன்று இரவு ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் அழைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, எதையாவது சாப்பிட்டுவிட்டீர்களா என்பது. பரோட்டாவையும் பன்னீரையும் மாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரியாணி இரண்டும் அப்படியே இருந்தன. பையையும் பில்லையும் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். எடுத்துவரச் சொன்னேன்.

"கசங்கியிருக்கிறதே சார், பரவாயில்லையா?"

"கசங்கினால் என்ன அக்கா, எழுத்து தெரிகிறதா பாருங்கள்."

எழுத்து தெரிந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. உணவகத்தில் பார்சல் கட்டுகிறவர் ஒவ்வொரு பொருளையும் பைக்குள் வைக்கும்போது பில்லில் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் போடுவது பல கடைகளில் வழக்கம். இந்தப் பில்லிலும் நீல மையில் டிக்குகள் இருந்தன. மட்டன் பிரியாணி வரியில் ஒன்று, பன்னீர் வரியில் ஒன்று, பரோட்டா வரியில் ஒன்று. சிக்கன் 65 வரிக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

வராத பொருளுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதும் உண்மை. டிக் போடாத கடைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுக்கிற கடைகளும் உண்டு. அப்போது செய்யக்கூடியது, வந்த பொருள்கள் அனைத்தையும் பையோடும் பில்லோடும் ஒரே படத்துக்குள் வரும்படி வைத்து எடுப்பது. பில்லில் நான்கு வரி, மேசையில் மூன்று வகைப் பொருள் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இல்லாததை நேராகக் காட்ட வழியில்லை. வந்தது இவ்வளவுதான் என்று காட்டித்தான் அதைச் சொல்ல முடியும். பையைக் கவிழ்த்து அதன் உட்புறம் தெரியும்படி வைத்தால் இன்னும் நல்லது.

மாறி வந்த பிரியாணிக்கு வேறு வகைச் சான்று வேண்டும். அதற்கு டப்பாவின் மூடி உதவியது. பிரியாணி டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதால், எது எது என்று தெரிய மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் சுருக்கக் குறி போடுவார்கள். ஒரு மூடியில் எம்.பி. என்று இருந்தது, இன்னொன்றில் சி.பி. மட்டன் பிரியாணி, சிக்கன் பிரியாணி. பில்லில் மட்டன் பிரியாணி இரண்டு என்று அச்சாகியிருக்க, சி.பி. என்று எழுதிய மூடி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த உணவகத்தின் மேலாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறைச்சித் துண்டைச் சோற்றிலிருந்து வெளியே எடுத்து, ஒரு தட்டில் வைத்து, கரண்டியால் பிளந்து படம் எடுக்கச் சொன்னேன். மசாலா பூசிய துண்டுகள் இரண்டும் மேலே பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிளந்தால் வெளுத்த, நீள நாராகப் பிரியும் சதை கோழி. கால் துண்டாக இருந்தால் எலும்பின் நுனியில் உள்ள குமிழே காட்டிக்கொடுத்துவிடும். வெந்த ஆட்டிறைச்சி கரும்பழுப்பாக இருக்கும். சரியாக வந்த மட்டன் பிரியாணியிலிருந்து ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்ததும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இப்படி மூன்று படங்கள் ஆயின. முதலாவது, பை, பில், வந்த டப்பாக்கள் எல்லாம் சேர்ந்தது. இரண்டாவது, ஆர்டர் எண்ணும் டிக்குகளும் படிக்கும்படி பில்லின் அருகாமைப் படம். மூன்றாவது, மூடியும் இரண்டு துண்டுகளும். செயலிகள் இணைக்க அனுமதிக்கும் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒன்றுக்கு மட்டும்தான் இடம் என்றால் முதலாவதைத்தான் அனுப்ப வேண்டும். ஆர்டர் எண் இல்லாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது யாருடைய சாப்பாடோதான்.

இன்னொரு சிறு விஷயம். படத்தைக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் கைப்பேசியிலிருந்து புகாரில் இணைக்க நினைத்தார் ஆசிரியை. வேண்டாம் என்றேன். கேமரா எடுத்த மூலக் கோப்பில் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். எடுத்த கைப்பேசியிலிருந்தே, வெட்டாமல், வண்ணம் மாற்றாமல் அனுப்புவது நல்லது. சில செயலிகள் பழைய படங்களை ஏற்காமல் தங்கள் கேமராவையே திறக்கும். அதனால்தான் உணவை அகற்றுவதற்கு முன்பே புகாரைத் தொடங்கிவிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முறை அவர் தேர்ந்தெடுத்தவை "வேறு பொருள் வந்தது", "பொருள் வரவில்லை" என்ற இரண்டு வகைகள். விநியோக ஊழியர்மீது புகார் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். முத்திரை கிழியாமல் வந்த பையைத் திறந்து பார்க்க அவருக்கு உரிமை கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தவறு பார்சல் மேசையில் நடந்ததா, வழியில் நடந்ததா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பையில் உள்ள ஆர்டர் எண்ணும் செயலியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்து உள்ளே மட்டும் பிசகியிருந்தால் அது உணவகத்தின் வேலை. பையின் எண்ணே வேறாக இருந்தால் யாருடைய பையோ உங்களிடம் வந்திருக்கிறது, உங்களுடையது இன்னொரு வீட்டில் இருக்கிறது. அப்போது பொருளின் படமே தேவையில்லை, பையின் ஸ்டிக்கர் ஒன்றே போதும். தவறான இடத்தில் பழியைப் போட்டால் ஓர் உழைப்பாளியின் மதிப்பெண் குறையும். நமக்குப் பணமும் வராது.

இந்த முறை உரையாடலில் ஓர் ஊழியர் வந்தார். 80 ரூபாய்க்கு ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். மட்டனுக்கும் சிக்கனுக்கும் உள்ள விலை வித்தியாசமாம், 320-இல் 240 போனால் 80. சிக்கன் 65 பற்றிக் கேட்டதற்கு, உணவகம் அதை அனுப்பியதாகக் குறித்திருக்கிறது என்றார். கூப்பனை ஏற்கவில்லை என்று ஆசிரியை எழுதுவதற்குள் அது அவருடைய கணக்கில் சேர்க்கப்பட்டு உரையாடலும் மூடப்பட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே திரையைப் படமாகச் சேமித்திருந்தார். மூடிய உரையாடல் எவ்வளவு காலம் திறக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொரு பதிலும் வந்ததும் திரைப்பதிவு எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த 80 ரூபாய்க் கணக்கை முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். சிக்கன் பிரியாணியை அவர்கள் சாப்பிட்டிருந்தால், விலை வித்தியாசம் கேட்பதுதான் நியாயம். முழுப் பணத்தையும் கேட்டுவிட்டு வந்ததையும் சாப்பிட்டு முடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களால்தான் மற்றவர்களின் படங்களும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகின்றன. ஆனால் இந்த வீட்டில் சாப்பிடவில்லை. கேட்காத பொருளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே பிரியாணியின் முழு விலையையும் கேட்பது என்று முடிவாயிற்று.

முழு விலை என்றால் எவ்வளவு? 320-உம் 210-உம் சேர்த்து 530 என்று ஆசிரியை எழுதிவிட்டார். அது அவர் கட்டிய தொகை அல்ல. 1,200 ரூபாய் உணவுக்கு 150 ரூபாய் தள்ளுபடி என்றால் ஒவ்வொரு ரூபாயிலும் எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. 320-இல் 40 போய் 280. 210-இல் 26.25 போய் 183.75. இரண்டும் சேர்த்து 463.75. இதன்மீது அவர் 5 சதவீத வரியும் கட்டியிருக்கிறார், அது 23.19. ஆக நியாயமான தொகை 486 ரூபாய் 94 காசு. பார்சல் கட்டணமும் விநியோகக் கட்டணமும் முழு ஆர்டருக்கானவை, மீதி உணவு சரியாக வந்திருக்கிறது என்பதால் அவற்றைக் கேட்கவில்லை. முழு ஆர்டரும் தவறி வேறு வீட்டுப் பை வந்திருந்தால் அவற்றையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும்.

காசு வரை கணக்கிடுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். 530 என்று கேட்டால், தள்ளுபடியைக் கழிக்க வேண்டும் என்று ஒரு பதில், பிறகு அதற்கு ஒரு மறுப்பு என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். 486.94 என்று அதன் கணக்கோடு எழுதினால் படிப்பவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க மட்டுமே வேண்டியிருக்கும்.

ஞாயிறு காலையில் ஆசிரியை உணவகத்துக்கும் பேசினார். பில்லில் எண் இருந்தது. மேலாளர் மறுக்கவில்லை. "தவறு எங்களுடையதுதான் மேடம். ஆனால் பணம் உங்களிடமிருந்து எங்களுக்கு வரவில்லை, செயலிக்குத்தான் போனது. புகார் எங்களுக்கு வந்தால் ஒப்புக்கொள்கிறோம்" என்றார். வேண்டுமானால் இன்று ஒரு சிக்கன் 65 அனுப்பிவைக்கிறேன் என்றும் சொன்னார். ஆசிரியை நன்றி சொல்லி மறுத்துவிட்டார். பேசிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அதற்குள் அவருடைய தம்பி, உதவும் ஆர்வத்தில், அந்தச் செயலியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டார். எதிர்முனையில் மிக மரியாதையாகப் பேசினார்களாம். பணம் உடனே திரும்ப வரும், ஒரு சிறு செயலியைப் பதிவிறக்கி அதில் காட்டும் எண்ணைச் சொல்லுங்கள் என்றார்களாம். அது திரையைப் பிறர் பார்க்க உதவும் செயலி. பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் எரிச்சலிலும் அவசரத்திலும் இருப்பார்கள் என்று தெரிந்தே விரிக்கப்படும் வலை இது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போடத் தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று பொருள். செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி, அதன் சட்ட விதிமுறைப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் இரண்டையும் தவிர வேறெந்த வழியிலும் அந்த நிறுவனத்தைத் தேட வேண்டாம். யாரேனும் ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

அந்தச் சட்ட விதிமுறைப் பக்கத்தில்தான் குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020-இன்படி இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் இப்படி ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உரையாடல் பெட்டியில் மோதி மோதிக் களைத்துப் போகிறவர்கள் பலருக்கு இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. அது செயலியில் மூன்று நான்கு தட்டல்களுக்கு உள்ளே, பொடி எழுத்தில் இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஆசிரியை அனுப்பிய கடிதம் சிறியது. ஆங்கிலத்தில் எழுதினார், அதன் சாரம் தமிழில் இது:

"எனது ஆர்டர் எண், நாள், உணவகத்தின் பெயர் மேலே உள்ளன. மட்டன் பிரியாணி இரண்டு கேட்டேன், ஒன்று சிக்கன் பிரியாணியாக வந்தது. சிக்கன் 65 வரவில்லை. படம் 1: வந்த பொருள்கள் அனைத்தும் பையோடும் பில்லோடும். படம் 2: பில், சிக்கன் 65 வரியில் மட்டும் டிக் இல்லை. படம் 3: சி.பி. என்று எழுதிய மூடியும் பிளந்த துண்டுகளும். சிக்கன் பிரியாணி உண்ணப்படவில்லை. ஞாயிறு காலை உணவகம் தொலைபேசியில் தவறை ஒப்புக்கொண்டது. தள்ளுபடி கழித்து, வரி சேர்த்து எனக்கு வரவேண்டியது 486.94 ரூபாய், கணக்கு கீழே. நான் கேட்காமல் சேர்க்கப்பட்ட 80 ரூபாய்க் கூப்பனை ஏற்கவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய கணக்கிலேயே திருப்பித் தரவும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

முதல் வரைவில் "மாமியார் மிகவும் வருத்தப்பட்டார்", "விருந்தாளிகள் முன்னால் அவமானம்", "உங்கள் நிறுவனத்துக்கு வெட்கமாக இல்லையா" என்றெல்லாம் இருந்தன. எடுத்துவிட்டோம். வருத்தம் உண்மையானதுதான், ஆனால் கோருவது உணவின் விலையை. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால் அதற்கான இடம் நுகர்வோர் ஆணையம்.

கூப்பனை மறுத்த வரி முக்கியமானது. கூப்பன் என்பது பணம் அல்ல. காலாவதித் தேதி இருக்கும், குறைந்தபட்ச ஆர்டர் தொகை இருக்கும், அதே செயலியில்தான் செலவிட முடியும். பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வாடகைக் கார் செயலி ஒன்று, பணத்தைக் கூப்பனாக மட்டுமே திருப்பித் தந்துகொண்டிருந்தபோது, வங்கிக் கணக்கா கூப்பனா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. அது வேறு தொழில், ஆனால் கேள்வி இதேதான்.

திங்கட்கிழமை புகார் எண்ணோடு ஒப்புகை வந்தது. அதனுடன் வழக்கமான ஒரு வரியும் இருந்தது: நாங்கள் வாடிக்கையாளரையும் உணவகத்தையும் இணைக்கும் தளம் மட்டுமே, உணவுக்கு உணவகமே பொறுப்பு. சமைத்த விதத்துக்கு உணவகம் பொறுப்பு என்பது சரி. ஆனால் பணத்தை வாங்கியது தளம். 2022 ஜனவரி 1 முதல், செயலி வழியாக விற்கப்படும் உணவக உணவுக்கான ஜிஎஸ்டியை வசூலித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பும் தளத்துடையது. ஆசிரியை இதற்குப் பதில் எழுதத் தேவை ஏற்படவில்லை.

புதன்கிழமை மறுபதில் வந்தது. உணவகம் ஒப்புக்கொண்டது, 463.75 ரூபாய் திருப்பித் தரப்படுகிறது. வரியை விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றா, கவனக்குறைவா என்று ஆராயாமல், "இந்த இரண்டு பொருள்கள்மீது வசூலித்த ஜிஎஸ்டி 23.19 விடுபட்டிருக்கிறது" என்று அதே மின்னஞ்சலுக்கு ஒரு வரிப் பதில் போட்டார்.

"திருப்பித் தரப்பட்டது" என்று செயலி காட்டுவது, அவர்கள் தரப்பில் அனுப்பிவிட்டார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. கணக்கில் வந்து சேர்ந்ததா என்பதை வங்கிக் கணக்கு விவரத்தில்தான் பார்க்க வேண்டும். கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதிலேயே வரவாகப் பதிவாகும், யுபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் தனியாகத் தெரியாமலும் இருக்கலாம். ஆசிரியை இரண்டு வங்கிக் கணக்குகளை ஒரே யுபிஐ செயலியில் வைத்திருந்ததால் முதலில் தவறான கணக்கைப் பார்த்துவிட்டு வரவில்லை என்று பதறினார். கேட்டால் நிறுவனம் ஒரு குறிப்பு எண் தரும். யுபிஐ என்றால் அது 12 இலக்கம். அதை வைத்து வங்கியில் தேடினால் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அட்டை மூலம் கட்டியிருந்தால் வேலை நாள்களில் ஒரு வாரம் வரை ஆகலாம். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பக் கணக்கே இருக்காது என்பதால் செயலியின் பணப்பையில்தான் போடுவார்கள். வங்கிக் கணக்கில் வேண்டும் என்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

இங்கே முடிந்திராவிட்டால் அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி மையம். 1915 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் வாங்கித் தருவார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 487 ரூபாய்க்காக ஆணையத்துக்குப் போகச் சொல்வேனா என்றால், பெரும்பாலும் மாட்டேன். வாய்தாக்களுக்கு அலையும் நாள்களின் கூலி அதைவிடப் பெரிது.

ஆனால் அந்த வீட்டு மாமியார் சைவம். பன்னீர் டப்பாவில் அன்று கோழி வந்திருந்தால் நான் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன். அது பணக் கணக்கோடு முடியும் விஷயம் அல்ல. தரம், வேறு பொருள் என்ற பட்டியலுக்குள் அடக்காமல், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் அனுப்ப வேண்டியது. பில்லில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அப்போது தேவைப்படும். பில்லைக் குப்பையிலிருந்து எடுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் 23.19 ரூபாய் தனியாக வந்தது. 80 ரூபாய்க் கூப்பனை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.